எழுபத்தைந்தா, எழுபத்தாறா? வாடகை ஒப்பந்தத்தைப் படிக்கும் கணினி

நிதியாண்டு முடியப்போகும் நேரத்தில் நிறுவனங்களின் சம்பளப் பிரிவுக்கு வாடகை ஒப்பந்தங்கள் வந்து குவியும். வீட்டு வாடகைப் படிக்கு வரிவிலக்கு கேட்கும் ஊழியர்கள் தங்கள் ஒப்பந்தத்தை ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். ஆண்டு வாடகை 1 லட்சம் ரூபாயைத் தாண்டினால் வீட்டு உரிமையாளரின் பான் எண்ணும் தேவை. பிரிவில் இருப்பவர் ஒவ்வொரு படத்தையும் திறந்து, உரிமையாளர் யார், குடியிருப்பவர் யார், வாடகை எவ்வளவு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று தேடிப் பிடித்து, எக்செலில் ஏற்ற வேண்டும்.

இந்த வேலையைக் கணினியிடம் கொடுக்க முடியும். பலர் கொடுத்தும் வருகிறார்கள். கணினி தரும் விடையோடு, அது எந்த அளவுக்கு உறுதி, ஏன் என்ற குறிப்பும் வந்தால்தான் அந்த விடையை வைத்து ஏதாவது செய்ய முடியும். அந்தக் குறிப்பு எப்படிப் பிறக்கிறது என்பதை ஒரே ஒரு பக்கத்தை வைத்துப் பார்ப்போம். பெயரும் தொகையும் விளக்கத்துக்காக அமைத்தவை; ஆனால் இதில் வரும் சிக்கல்கள் எல்லாமே நம் ஊர் பத்திரங்களில் வழக்கமாக வருபவை.

முத்திரைத்தாளின் முதல் பக்கம். மேலே முத்திரைத்தாள் விற்பனையாளர் பேனாவில் எழுதிய வரிசை எண், வாங்கியவர் பெயர், 26.03.2024 என்ற தேதி, அவருடைய சீல். அதற்குக் கீழே தட்டச்சு: “2024-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 28-ஆம் தேதி… கந்தசாமி அவர்களின் குமாரர் முருகேசன் (உரிமையாளர்)… சுந்தரம் அவர்களின் மனைவி செல்வி (வாடகைதாரர்)… மாத வாடகை ரூ.12,500/- (ரூபாய் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு மட்டும்)… அட்வான்ஸ் ரூ.75,000/- (ரூபாய் எழுபத்தைந்தாயிரம் மட்டும்)… 01.04.2024 முதல் 28.03.2025 வரை 11 மாத காலத்துக்கு…” அட்வான்ஸ் தொகையின் மேல் ஒரு வட்ட சீலின் விளிம்பு விழுந்திருக்கிறது.

முதலில் படத்தை எழுத்தாக மாற்ற வேண்டும். இதைச் செய்யும் மென்பொருளுக்கு ஓசிஆர் என்று பெயர். இலவசமாகக் கிடைக்கும் டெசராக்ட் தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்தே படிக்கும்:

```
tesseract pakkam.png out -l tam+eng tsv
```

கடைசியில் உள்ள `tsv` முக்கியம். அதைப் போட்டால் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் அது இருக்கும் இடமும், `conf` என்ற பத்தியில் 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண்ணும் கிடைக்கும். படம் 300 டிபிஐ அளவிலாவது ஸ்கேன் ஆகியிருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பி இறக்கிய பக்கம் சுருங்கிப்போயிருக்கும். அதில் முதலில் பலியாவது புள்ளிகளும் காற்புள்ளிகளும்தான். தமிழில் மெய்யெழுத்தின் புள்ளி போனால் சொல் மாறிவிடும், தொகையில் காற்புள்ளி போனால் எண் குழம்பும். துணைக்காலையும் ‘ர’வையும் மாற்றிப் படிப்பதும் அடிக்கடி நடக்கும், இரண்டின் உருவமும் அவ்வளவு நெருக்கம்.

நம் பக்கத்தில் ஓசிஆர் வாடகையை `12,5001-` என்று படித்திருக்கிறது. தொகைக்குப் பின்னால் நாம் போடும் சாய்கோட்டை அது ஒன்று என எடுத்துக்கொண்டது. அப்படியே விட்டால் வாடகை ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரத்து ஒன்று ஆகிவிடும். அட்வான்ஸ் தொகையில் சீலின் விளிம்பு பட்டதால் ஐந்து ஆறாகி, `76,000` என்று வந்திருக்கிறது. இவை இரண்டும் எழுத்தைத் தவறாகப் படித்ததால் வந்த பிழைகள்.

அடுத்த படி, இந்த எழுத்துக் குவியலில் எது எந்தக் கட்டத்துக்குரியது என்று பிரிப்பது. விடையை ஜேசான் வடிவில் வைப்பது வழக்கம். ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு பெயர், அதற்கு எதிரே ஒரு மதிப்பு, அவ்வளவுதான் ஜேசான். எந்த மென்பொருளும் இதைத் தடுமாறாமல் வாசிக்கும். தொகையைக் காற்புள்ளியும் ரூபாய்க் குறியும் இல்லாத வெறும் எண்ணாகவும், தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையிலும் எழுதுவார்கள். 05.04.2024 என்றால் நமக்கு ஏப்ரல் 5. அமெரிக்க வழக்கத்துக்கு அமைத்த மென்பொருளுக்கு அது மே 4. ஆண்டை முன்னால் வைத்தால் இந்தக் குழப்பம் வராது.

பெயரைப் பிரிப்பதில்தான் நம் ஊர் பத்திரங்கள் தனி. ஆங்கில ஒப்பந்தத்தில் ஒப்பந்தக்காரரின் பெயர் முன்னால் வரும், தந்தை பெயர் பின்னால் வரும். தமிழ்ப் பத்திரத்திலோ ‘கந்தசாமி அவர்களின் குமாரர் முருகேசன்’ என்று தந்தைதான் முதலில் வருகிறார். ஆங்கில ஒப்பந்தங்களைப் பார்த்து எழுதிய விதி கந்தசாமியை உரிமையாளர் ஆக்கிவிடும். அதேபோல முத்திரைத்தாள் வாங்கியவர் என்று மேலே எழுதியிருக்கும் பெயரும் ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் ‘குமாரர்’, ‘மனைவி’, ‘உரிமையாளர்’ போன்ற சொற்களுக்கு எந்தப் பக்கம் பெயர் நிற்கிறது என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். தேதியிலும் இதே கவனம் தேவை. பக்கத்தில் நான்கு தேதிகள் இருக்கின்றன: முத்திரைத்தாள் வாங்கியது, கையெழுத்தானது, குடியேறுவது, முடிவது. கண்ணில் முதலில் படும் தேதியை ஒப்பந்தத் தேதி என்று எடுத்தால் இரண்டு நாள் பிசகும்.

இனி உறுதிக் குறிப்பு. ஓசிஆர் தரும் மதிப்பெண்ணையே உறுதி என்று எடுத்துக்கொள்வது பலரும் செய்யும் பிழை. அந்த மதிப்பெண் எழுத்தின் உருவத்தைப் பற்றியது மட்டுமே. உண்மையான உறுதி, பக்கத்தில் எழுதியிருப்பவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதில் இருக்கிறது. நம் பத்திரங்களில் இதற்கு வசதி உண்டு, தொகையை எண்ணாலும் எழுத்தாலும் இரண்டு முறை எழுதுகிறோம். காசோலையில் எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தால் எழுதிய தொகையே செல்லும் என்கிறது 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம். பத்திரம் படிக்கும்போதும் அதே அணுகுமுறை கைகொடுக்கும்.

வாடகையைப் பார்ப்போம். ‘பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு’ தெளிவாக இருக்கிறது. கடைசி ஒன்றைச் சாய்கோடு என்று எடுத்தால் எண்ணும் 12,500 ஆகிவிடுகிறது. உறுதி அதிகம். அட்வான்ஸில் எண் 76,000, எழுத்து எழுபத்தைந்தாயிரம். எண்ணின் மேல் சீல் இருக்கிறது, எழுத்து சுத்தமாக இருக்கிறது. 75,000 சரியாக ஆறு மாத வாடகை என்பதும் துணை ஆதாரம். ஆகவே 75,000 என்று எடுக்கலாம், ஆனால் உறுதி நடுத்தரம். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்று தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் சொல்கிறதே, இந்தத் தொகையைச் சந்தேகிக்க வேண்டாமா என்று ஒருவர் கேட்கலாம். வேண்டாம். பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்வதுதான் இங்கே வேலை. அது சட்டப்படி சரியா என்று பார்ப்பது வேறு ஆள் செய்யவேண்டியது.

முடிவுத் தேதிதான் இந்தப் பக்கத்தில் மிகவும் சுவாரசியம். ஓசிஆர் `28.03.2025` என்று படித்து 96 மதிப்பெண் கொடுத்திருக்கிறது. படித்தது சரி, தாளில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் ஏப்ரல் 1-லிருந்து 11 மாதம் பிப்ரவரி 28-இல் முடிகிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்பதால்தான் 11 மாதம் என்று எழுதும் வழக்கமே வந்தது. ஆகத் தட்டச்சு செய்தவர் மாதத்தைத் தவறாக அடித்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் மென்பொருள் அதைத் திருத்திவிடலாமா? கூடாது. இரு தரப்பும் கையெழுத்திட்ட தாளில் 28.03.2025 என்றுதான் இருக்கிறது. தவறு தேதியில் இருக்கலாம், ‘11 மாதம்’ என்பதிலும் இருக்கலாம். படத்தை நேரடியாகப் படிக்கும் புதிய மொழி மாதிரிகளிடம் இந்த விஷயத்தில் மிகுந்த எச்சரிக்கை தேவை. அவை சரளமாகப் படிக்கின்றன, அதே சரளத்தோடு சத்தமில்லாமல் திருத்தியும் விடுகின்றன. திருத்தியது நமக்குத் தெரியவே வராது.

இதற்காகத்தான் பக்கத்தில் படித்ததை `raw` என்றும், அதிலிருந்து எடுத்த மதிப்பை `value` என்றும் பிரித்து வைக்க வேண்டும்:

```json
{
  "deposit": {
    "value": 75000,
    "raw": "ரூ.76,000/- (எழுபத்தைந்தாயிரம்)",
    "confidence": "medium",
    "note": "எண்ணின் மேல் சீல்; எழுத்து தெளிவு"
  },
  "end_date": {
    "value": "2025-03-28",
    "raw": "28.03.2025",
    "confidence": "low",
    "note": "தெளிவாகவே உள்ளது; 11 மாதக் கணக்கோடு பொருந்தவில்லை"
  },
  "notice_period": {
    "value": null,
    "raw": null,
    "confidence": "high",
    "note": "இந்தப் பக்கத்தில் இல்லை"
  }
}
```

கடைசிக் கட்டத்தைக் கவனியுங்கள். வீட்டைக் காலி செய்ய எத்தனை மாத அறிவிப்பு தர வேண்டும் என்பது முதல் பக்கத்தில் இல்லை. வழக்கமான ஒரு மாதத்தை நிரப்பிவிடாமல் `null` என்று வெறுமையாக விட வேண்டும். இல்லை என்பதும் ஒரு விடை, அதை உறுதியாகவே சொல்லலாம். ஆனால் ‘இந்தப் பக்கத்தில் இல்லை’ என்பது ‘ஒப்பந்தத்திலேயே இல்லை’ ஆகிவிடாது; இரண்டாம் பக்கத்தில் இருக்கலாம். குறிப்பில் இந்த வேறுபாடு தெரிய வேண்டும்.

குறிப்பு எழுதும்போது ‘0.87 உறுதி’ என்று எண் மட்டும் கொடுப்பதால் சரிபார்ப்பவருக்குப் பயன் குறைவு. அவர் எங்கே பார்க்க வேண்டும் என்று அந்த எண் சொல்லாது. ‘சீல் விழுந்திருக்கிறது’ என்று இருந்தால் அவர் நேரே அந்த இடத்துக்குப் போய் ஒரு நொடியில் முடிவெடுப்பார்.

இந்தக் குறிப்புகளையும் நம்பலாமா என்று சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஐம்பது பக்கங்களை இருவர் தனித்தனியாகக் கையால் ஏற்றட்டும். அவர்கள் விடையோடு மென்பொருளின் விடையை ஒப்பிடுங்கள். மொத்தத்தில் எத்தனை சரி என்று எண்ணுவதைவிட, `high` என்று சொன்னவற்றில் எத்தனை தவறு என்று எண்ணுவது முக்கியம். யாரும் திரும்பிப் பார்க்காமல் கடந்துபோகும் பிழைகள் அங்கேதான் ஒளிந்திருக்கும். அங்கே தவறுகள் வந்தால் விதியை இறுக்க வேண்டும். `medium` பெருகினாலும் பாதகமில்லை.

அடையாள எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல ஒப்பந்தங்களின் முதல் பக்கத்திலேயே இருவரின் ஆதார் எண்ணும் இருக்கும். தேவையில்லாத இடத்தில் அதற்கு ஜேசானில் கட்டமே வைக்காதீர்கள், `raw` பகுதியிலும் அது வந்துவிடாமல் மறைத்துவிடுங்கள்.

வாடகை ஒப்பந்தம் எழுதப்போகிறவர்களுக்கும் இதில் செய்யக்கூடியது உண்டு. தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதச் சொல்லுங்கள், மாதத்தின் பெயரை எழுத்தில் போடச் சொல்லுங்கள், சீலையும் கையெழுத்தையும் தொகையின் மேல் விழாமல் ஓரத்தில் வையுங்கள். கையெழுத்திடும் முன் தொடக்கத் தேதியிலிருந்து முடிவுத் தேதி வரை மாதங்களை விரல் விட்டு ஒரு முறை எண்ணிப் பாருங்கள்.