வேலை போனால் மூன்று நாள் கெடு

ஜெர்மனியில் சம்பளச் சீட்டை எடுத்துப் பார்த்தால், பிடித்தங்களுக்கு நடுவே வேலையின்மைக் காப்பீடு என்று ஒரு வரி இருக்கும். சம்பளத்தில் 1.3 சதவீதம். முதலாளியும் அதே அளவு கட்டுகிறார். மாதம் 3,000 யூரோ வாங்குபவருக்கு 39 யூரோ போகிறது. 1927-ல் சட்டமான ஏற்பாடு இது. வேலை இருக்கும்வரை யாரும் அந்த வரியைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

வேலை போனால் அந்த வரிதான் சோறு போடும். கடைசி 30 மாதங்களில் மொத்தம் 12 மாதமாவது சந்தா கட்டியிருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. 12 மாதம் கட்டியவருக்கு 6 மாத உதவித்தொகை. 16 மாதத்துக்கு 8 மாதம். 24 மாதத்துக்கு ஓராண்டு. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும், நீண்டகாலம் கட்டியிருந்தால், இது இன்னும் நீளும்.

ஸ்டுட்கார்ட்டில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் 18 மாதம் வேலை பார்த்த 34 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அதற்கு முன் அங்கே வேலை பார்த்ததில்லை. ஒரு குழந்தை உண்டு. பிடித்தம் போகக் கணக்கிடும் சம்பளம் 2,000 யூரோ. குழந்தை இருப்பதால் அதில் 67 சதவீதம், அதாவது மாதம் 1,340 யூரோ கிடைக்கும். குழந்தை இல்லாதவருக்கு 60 சதவீதம்தான். 18 மாதச் சந்தாவுக்கு 8 மாத உதவி.

அக்டோபர் 12-ம் தேதி அவர் கையில் பணிநீக்கக் கடிதம் வருகிறது; கடைசி நாள் நவம்பர் 15. பலரும் சறுக்குவது இங்கேதான். வேலை இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே, முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார்கள். ஆனால் வேலை முடிய மூன்று மாதத்துக்கும் குறைவாக இருந்தால், தகவல் தெரிந்த மூன்று நாளுக்குள் 'வேலை தேடுகிறேன்' என்று அரசு வேலைவாய்ப்பு முகமையில் பதிய வேண்டும். தவறினால் ஒரு வாரப் பணம் போச்சு. வேலையில்லாதவராகப் பதிவது இதிலிருந்து வேறான இரண்டாவது பதிவு. அதை நவம்பர் 16-க்குள் செய்தாக வேண்டும். தாமதிக்கும் நாட்களுக்குப் பணம் கிடையாது.

பெரிய பள்ளம் வேறொன்று. சில கம்பெனிகள் வேலையைவிட்டு நீக்குவதற்குப் பதிலாக, "நாமே பேசிப் பிரிந்துகொள்வோம், கொஞ்சம் கூடுதலாகப் பணம் தருகிறோம்" என்று ஒரு தாளை நீட்டும். அதில் கையெழுத்துப் போட்டால், தானாக வேலையை விட்டதாகவே பெரும்பாலும் கணக்கு. உடல்நிலை மாதிரி தக்க காரணத்தை நிரூபிக்க முடியாவிட்டால், 12 வாரம் உதவி நிற்கும். நின்ற நாட்கள் பின்னால் சேர்வதும் இல்லை. நம் ஆளின் 240 நாளில் 84 நாள் கழிந்து 156 நாள்தான் மிஞ்சும். கம்பெனி தரும் தொகையைவிட இந்த இழப்பு பெரிதா என்று கணக்குப் போடாமல் பேனாவைத் தொடக் கூடாது.

பணம் வரத் தொடங்கியபின் வேலை தேடுவதே வேலை. மாதம் எத்தனை விண்ணப்பம், எப்படிச் சான்று தருவது என்பதை முகமை அதிகாரியும் பயனாளியும் பேசி எழுதிக்கொள்கிறார்கள். ஒப்புக்கொண்ட முயற்சிக்குச் சான்று காட்டாவிட்டால் இரண்டு வாரம் நிற்கும். அழைத்த நாளில் போகாவிட்டால் ஒரு வாரம். பொருத்தமான வேலையை முதல் முறை மறுத்தால் மூன்று வாரம். எல்லாம் சேர்ந்து 21 வாரத்தைத் தொட்டுவிட்டால் உரிமையே போய்விடும்.

எது பொருத்தமான வேலை? முதல் மூன்று மாதத்தில் பழைய சம்பளத்தைவிட 20 சதவீதத்துக்கு மேல் குறைவான வேலையை மறுக்கலாம். அடுத்த மூன்று மாதத்தில் 30 சதவீதம். ஏழாம் மாதத்திலிருந்து, கைக்கு வரும் சம்பளம் உதவித்தொகைக்குக் குறையாமல் இருந்தாலே போதும், ஏற்க வேண்டும். முழுநேர வேலைக்குப் போய்வர நாளுக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றால் மறுக்கலாம். மெல்ல மெல்லப் பேரத்தைக் குறைக்கவைக்கும் ஏற்பாடுதான் இது. எனக்கு இதில் கொஞ்சம் கண்டிப்பு அதிகமாகத் தெரிந்தாலும், விதி முன்கூட்டியே எழுதப்பட்டிருப்பது அதிகாரியின் மனம்போன போக்கைவிட எவ்வளவோ மேல்.

அங்கிருக்கும் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வேலைதான் இல்லையே என்று அப்பா அம்மாவைப் பார்க்க ஊருக்கு டிக்கெட் போட்டுவிடுவார்கள். உதவி பெறுபவர் வேலைக்கு அழைத்தால் வரக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். முன் அனுமதியோடு ஆண்டுக்கு மூன்று வாரம் வெளியே போகலாம். முதல் மூன்று மாதத்தில் அந்த அனுமதியும் எளிதில் கிடைக்காது. சொல்லாமல் போய், பிறகு அது தெரியவந்தால், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். விசா வேலையோடு கட்டப்பட்டிருந்தால், வேலை போனதை இரண்டு வாரத்துக்குள் வெளிநாட்டினர் அலுவலகத்துக்கும் தெரிவிக்க வேண்டும். அது தனி அலுவலகம், தனிக் கெடு. வேலைவாய்ப்பு முகமையில் பதிந்தது அதற்குச் செல்லாது.