சுவரை நிரப்பும் கருவி, படியை வரையும் கருவி

வீட்டு வாசலில் எடுத்த ஒரு குடும்பப் படம். ஓரத்தில் யாரோ நிறுத்திவிட்டுப் போன மோட்டார் சைக்கிள். அதன் பின்சக்கரம் சுண்ணாம்பு அடித்த வெறும் சுவரை மறைக்கிறது; முன்பாதி, வாசல் கதவின் அடிப்பகுதியையும் படிகளையும் மறைக்கிறது. வண்டியைப் படத்திலிருந்து நீக்க வேண்டும். இன்று இதற்கு இரண்டு வகை மாடல்கள் இருக்கின்றன. சுவரில் ஒன்று ஜெயிக்கும், படியில் மற்றொன்று ஜெயிக்கும். அதற்குக் காரணம், இரண்டும் கற்றுக்கொண்ட விதம்.

முதல் வகைக்கு நல்ல உதாரணம் 2021இல் வெளிவந்த 'லாமா'. நீக்க வேண்டிய இடத்தின் மேல் நாம் தூரிகையால் பூசுகிறோம். அந்தப் பகுதிக்கு மாஸ்க் என்று பெயர். லாமா மாஸ்க்குக்கு வெளியே உள்ள படம் முழுவதையும் பார்த்து, அங்கே திரும்பத் திரும்ப வரும் வடிவங்களைப் பிடித்துக்கொள்கிறது. ஃபூரியர் கணக்கு முறை அதன் உள்ளே இருப்பதால், படத்தின் ஒரு மூலையில் உள்ள செங்கல் வரிசையை மறு மூலை வரை அதனால் நீட்ட முடியும். எல்லாம் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும். அதே படத்தையும் அதே மாஸ்க்கையும் எத்தனை முறை கொடுத்தாலும் ஒரே விடைதான் வரும்.

ஆகவே சுவர்ப் பகுதி சுத்தமாக வந்துவிடும். சுண்ணாம்பின் சொரசொரப்பு, வெயில் மெல்ல மங்கும் விதம் எல்லாம் அக்கம்பக்கத்திலேயே இருக்கின்றன. படியில்தான் சிக்கல். அங்கே இரண்டு படி இருந்திருக்கலாம், மூன்று இருந்திருக்கலாம். விடை பலவாக இருக்கும்போது இந்த மாடல் எதையும் துணிந்து தேர்ந்தெடுக்காது. பல விடைகளுக்கும் நடுவான ஒன்றைத் தருகிறது. கதவின் பழுப்பும் தரையின் சாம்பல் நிறமும் கலந்து ஒரு மங்கல் திட்டாக நிற்கும்.

டிஃப்யூஷன் மாடல் வேறு வழியில் போகிறது. மாஸ்க் பகுதியை வெறும் புள்ளி இரைச்சலாக வைத்துத் தொடங்கி, பெரும்பாலும் இருபது முதல் ஐம்பது படிநிலைகளில் இரைச்சலைக் கொஞ்சம் கொஞ்சமாக நீக்கி ஒரு காட்சியை வெளிக்கொணர்கிறது. தொடக்க இரைச்சல் எப்படி விழுகிறதோ, அதற்கேற்ப நடுவான விடைக்குப் பதில் ஏதாவது ஒரு முழு விடை கிடைக்கிறது. படிகள் கூர்மையாக, நிழலோடு வரும். மறுபடி ஓட்டினால் வேறு படிகள் வரும்.

இதே துணிச்சல் சுவரில் தொல்லையாகிறது. பயிற்சியில் இந்த மாடல் பார்த்த மாஸ்க்குகளுக்குப் பின்னால் சுவர் மட்டும் இருக்கவில்லை. ஆள், நாற்காலி, செடி என எல்லாமே இருந்தன. அதனால் 'இங்கே ஒன்றும் வேண்டாம்' என்பது அதற்கு இயல்பான விடை அல்ல. வண்டியை நீக்கிய இடத்தில் ஒரு பூந்தொட்டி முளைக்கலாம். வண்டியின் நிழலை மாஸ்க்கில் சேர்க்காமல் விட்டால் ஆபத்து கூடும்: தரையில் நிழல் இருக்கிறதே, அதற்கு உரிய பொருள் எங்கே என்று மாடல் ஒன்றை வரைந்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற மாடல்கள் படத்தை நேராகத் தொடுவதில்லை. முதலில் அதைச் சுருக்குகின்றன: 512க்கு 512 பிக்சல் படம் 64க்கு 64 கட்டங்களாகிறது. அதன் முதல் தலைமுறை மாடல்களில் ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு எண்கள்தான். 192 எண்கள் இருந்த இடத்தில் நான்கு. விரித்து மீட்கும்போது பொருளின் வடிவம் தப்பிவிடும். சுவரின் நுண்ணிய மணல்தன்மையும் கேமராவின் புள்ளித்தன்மையும் சற்று மாறிவிடும். வெறும் பரப்பில் நம் கண் மிகச் சிறிய நிற வேறுபாட்டையும் கண்டுபிடித்துவிடுவதால், ஒட்டுப் போட்டதுபோல் ஓரம் தெரியும்.

எனவே வேலையைப் பிரித்துக் கொடுங்கள். முதலில் வண்டியையும் நிழலையும் சேர்த்து, ஓரத்தில் சில பிக்சல் தாராளமாகவே மாஸ்க் செய்து லாமாவிடம் கொடுங்கள். பிறகு படத்தை முழு அளவில் பெரிதாக்கிப் பாருங்கள். சுவர் சரியாக இருந்தால் அதைத் தொடாதீர்கள். படி இருக்கும் பகுதியை மட்டும் மாஸ்க் செய்து, சுற்றிலும் கொஞ்சம் காட்சியோடு வெட்டியெடுத்து, டிஃப்யூஷனிடம் 'கல் படிகள்' என்று எழுதிக் கொடுங்கள். சில முறை ஓட்டிப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முறைக்கு முறை விடை மாறுகிறது என்றால், அந்த இடத்துக்கான தகவல் படத்தில் இல்லவே இல்லை என்று பொருள். குடும்ப ஆல்பத்துக்கு அது போதும். செய்திக்கோ நிலத் தகராறு வழக்குக்கோ போகும் படத்தில் அப்படி வரைந்த படியைச் சேர்க்கக் கூடாது; அந்த வாசலில் எத்தனை படி இருந்தது என்பது எந்த மாடலுக்கும் தெரியாது.