மனித உரிமைகள் பிரகடனம்: தமிழும் இங்கிலீஷும் ஒண்ணா சொல்லுதா?

எபிசோட்ல நேரம் பத்தாம விட்ட விஷயம் இது. தமிழ் ஃபாண்ட் சரியா வருதான்னு பார்க்கவோ, ஒரு டெக்ஸ்ட் எந்த மொழின்னு கண்டுபிடிக்கிற புரோகிராமை சோதிக்கவோ பலர் எடுக்கிறது ஐ.நா.வின் 1948 மனித உரிமைகள் பிரகடனத்தைத்தான். நூற்றுக்கணக்கான மொழிகள்ல இருக்கு. எல்லாத்துலயும் ஒரே கருத்துதான்னு நம்பித்தான் பக்கத்துல பக்கத்துல வைக்கிறோம். நான் முதல் பிரிவை மட்டும் அப்படி வச்சுப் பார்த்தேன்.

இணையத்துல பரவலா சுத்துற தமிழ்ப் பிரதி 'மனிதப் பிறிவியினர்'னு தொடங்குது. 'பிறவியினர்'னு இருக்கணும். ஒரு 'ி' (U+0BBF) கூடுதலா ஒட்டியிருக்கு:

```
>>> len('பிறவி'), len('பிறிவி')
(5, 6)
```

கண்ணுக்கு உடனே தெரியாது. ஆனா 'பிறவி'ன்னு தேடினா அந்த வரி கிடைக்காது. காப்பி பண்ற ஒவ்வொரு இடத்துக்கும் பிழையும் கூடவே போகும்.

இது எழுத்துப்பிழை. அடுத்தது அர்த்தம். இங்கிலீஷ்ல மனிதர்கள் சுதந்திரமாகவும் சமமாகவும் 'பிறக்கிறார்கள்'. தமிழ்ல சுதந்திரமா பிறக்கிறதோட அந்த வாக்கியம் நின்னுடுது. பிறகு தனியா, மதிப்பிலும் உரிமைகளிலும் 'சமமானவர்கள்'. சமத்துவம் பிறப்போடயே வருதுங்கிற அழுத்தம் தமிழ்ல கழண்டுபோச்சு. எனக்கு இதுதான் பெரிய இழப்பு.

இங்கிலீஷ்ல மனிதருக்கு 'ரீசன்' இருக்கு, அதாவது சிந்திச்சு முடிவெடுக்கிற பகுத்தறிவு. தமிழ்ல அது 'நியாயம்' ஆயிடுச்சு. மொழிபெயர்த்தவர் தூக்கத்துல எழுதலை. தர்க்க சாஸ்திரத்துக்கே நியாயம்னு பேர் உண்டு. ஆனா வீட்ல "இது என்ன நியாயம்?"னு அம்மா கேட்டா, தர்க்கத்தையா கேட்கிறாங்க? இன்னைக்கு வாசிக்கிறவருக்கு அது நீதிதான். இந்த ரெண்டு வரியையும் ஜோடியா ஒரு மொழிபெயர்ப்பு புரோகிராமுக்குக் கொடுத்தா, ரீசன்னா நியாயம்னுதான் அது கத்துக்கும்.

கடைசி வாக்கியம் கொஞ்சம் வேடிக்கை. ஒருத்தரோட ஒருத்தர் சகோதர உணர்வோட நடந்துக்கணும்னு சொல்ற இடத்துல இங்கிலீஷ் 'ஷுட்'னு மென்மையா சொல்லுது. தமிழ்ல 'நடந்துகொள்ளல் வேண்டும்'. நம்ம 'வேண்டும்' ஷுட்டுக்கும் மஸ்ட்டுக்கும் பொது, அதனால கட்டளை மாதிரியும் கேட்குது. பாரிஸ்ல இருக்கிறவங்க பிரெஞ்சுப் பிரதியைத் திறந்து பாருங்க: அங்க 'துவாவ்'னு கடமையாத்தான் இருக்கு. இந்த ஒரு இடத்துல தமிழ் இங்கிலீஷை விட பிரெஞ்சுக்குப் பக்கம்.

'மனிதப் பிறவியினர்'ங்கிற தேர்வு மட்டும் ரொம்பச் சரி. வரைவுல 'எல்லா ஆண்களும்'னு படிக்கக்கூடிய 'ஆல் மென்'னை மாத்தணும்னு வாதாடினவங்க இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தா. தமிழ்ல ஆண், பெண் ரெண்டு பேரும் அந்தச் சொல்லுக்குள்ள இருக்காங்க, அந்த எழுத்துப்பிழையோட சேர்த்து.