இருபத்தோரு எழுத்தில் ஒரு கம்பெனியின் ஜாதகம்

இன்ஃபோசிஸின் ஆண்டறிக்கையைப் புரட்டினால் L85110KA1981PLC013115 என்ற வரி கண்ணில் படும். கம்பெனிகள் பதிவாளர் தரும் அடையாள எண் இது, சுருக்கமாக சி.ஐ.என். மொத்தம் 21 எழுத்துகள். கம்பெனியின் லெட்டர்பேடிலும் பில்லிலும் இதை அச்சிட வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம்.

முதல் எழுத்து L என்றால் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனி. U என்றால் பட்டியலிடப்படாதது. அடுத்த ஐந்து இலக்கங்கள் தொழிலின் வகை. KA கர்நாடகம். 1981 பதிவான ஆண்டு. PLC என்பது பப்ளிக் லிமிடெட். கடைசி ஆறு இலக்கங்கள் பதிவாளர் அலுவலகத்தின் வரிசை எண்.

இதை அப்படியே படித்தால், 1981-இல் கர்நாடகத்தில் பிறந்த பப்ளிக் கம்பெனி என்று தோன்றும். உண்மை வேறு. அந்த ஆண்டு இன்ஃபோசிஸ் புனேயில் பிரைவேட் லிமிடெட்டாகப் பதிவானது. 1983-இல் பெங்களூருக்கு வந்தது. 1992-இல் பப்ளிக் ஆனது. 1993-இல் பங்குச் சந்தைக்கு வந்தது. மாநிலம், வகை, பட்டியல் நிலை ஆகியவை மாறினால் எண்ணும் மாறும். ஆண்டு மட்டும் அப்படியே நிற்கும். ஆக, ஆண்டு பிறப்பைச் சொல்கிறது. L, KA, PLC மூன்றும் இன்றைய நிலையைச் சொல்கின்றன.

அந்த ஆண்டும் கம்பெனியாகப் பதிவான ஆண்டுதான், தொழில் தொடங்கிய ஆண்டு அல்ல. டி.சி.எஸ். 1968 முதல் டாடா சன்ஸின் ஒரு பிரிவாக இயங்கியது. அதன் எண்ணில் இருப்பதோ 1995. எனவே, 'நாற்பதாண்டு அனுபவம்' என்று விளம்பரம் செய்யும் நிறுவனத்தின் எண்ணில் 2021 இருந்தால் உடனே பொய் என்று முடிவு கட்ட வேண்டாம். அதற்கு முன் தொழில் யார் பெயரில் நடந்தது என்று கேட்கலாம்.

வகையைச் சொல்லும் மூன்றெழுத்தில் அதிகம் பார்ப்பது PTC, அதாவது பிரைவேட் லிமிடெட். OPC என்றால் ஒருநபர் கம்பெனி. GOI மத்திய அரசுக் கம்பெனி. மாநில எழுத்தில் நம்மூர் விசேஷம் ஒன்று உண்டு. கோவை லட்சுமி மெஷின் ஒர்க்ஸின் எண் L29269TZ1962PLC000463. அந்த TZ எழுத்துப்பிழை அல்ல. கோவைப் பதிவாளரின் குறி. சென்னைப் பதிவாளருக்கு TN.

கம்பெனி இன்று உயிரோடு இருக்கிறதா என்பதை மட்டும் இந்த எண் சொல்லாது. பெயர் நீக்கப்பட்ட கம்பெனிக்கும் எண் உண்டு. ஒருவர் இன்னொரு கம்பெனியின் எண்ணைத் தன் லெட்டர்பேடில் போட்டுக்கொள்ளவும் முடியும். டெபாசிட்டோ அட்வான்ஸோ கொடுப்பதற்கு முன், mca.gov.in தளத்தில் இந்த எண்ணைத் தேடுங்கள். பெயரும் முகவரியும் பொருந்துகின்றனவா, நிலை Active என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.