லாபம் மூலையில்தான் நிற்கிறது

ஒரு தச்சுப் பட்டறை. நாற்காலிக்கு 2 மணி நேரத் தச்சு வேலை, 1 மணி நேரப் பாலிஷ். மேசைக்கு 3 மணி நேரத் தச்சு, 1 மணி நேரப் பாலிஷ். வாரத்தில் தச்சுக்கு 60 மணி நேரமும் பாலிஷுக்கு 24 மணி நேரமும்தான் கிடைக்கும். நாற்காலியில் 300 ரூபாய் லாபம், மேசையில் 400. எதை எத்தனை செய்வது?

நாற்காலி x, மேசை y என்றால், 2x + 3y ≤ 60, x + y ≤ 24. இரண்டும் சுழியத்துக்குக் குறையாது. மாணவர்கள் எழுத மறப்பது இதைத்தான்.

இரு கோடுகளையும் வரைந்தால் தச்சுக்கோடு (30, 0), (0, 20) வழியாகவும், பாலிஷ்கோடு (24, 0), (0, 24) வழியாகவும் போகும். இரண்டுக்கும் கீழே அடங்கிய பகுதியே ஏற்புடைய பகுதி. கோடுகள் (12, 12)இல் வெட்டுகின்றன.

300x + 400y என்ற லாபக்கோட்டைச் சாய்வு மாறாமல் மேலே நகர்த்துங்கள். பகுதியை விட்டு விலகுமுன் அது கடைசியாகத் தொடுவது ஒரு முனையைத்தான். ஆகவே முனைகளைச் சோதித்தால் போதும்: (24, 0) தருவது 7,200 ரூபாய், (0, 20) தருவது 8,000, (12, 12) தருவது 8,400.

(30, 0)ஐப் போட்டால் 9,000 வரும், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் 30 நாற்காலிக்குப் பாலிஷ் நேரம் இல்லை. அந்தப் புள்ளி பகுதிக்கு வெளியே. தவறான விடைகள் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கின்றன.

மேசை லாபம் 450 ஆனால் லாபக்கோடு தச்சுக்கோட்டுக்கு இணையாகிவிடும். அப்போது (12, 12), (0, 20) இரண்டும் 9,000 தரும். இடையிலுள்ள விளிம்பு முழுவதும் அதே லாபம்தான்.