பிந்திய ஒப்படைக்கு எத்தனை புள்ளி கழிப்பது?
பல்கலைக்கழக ஒப்படைகளைத் திருத்தும்போது சமர்ப்பித்த திகதியை நான் முதலில் பார்ப்பதில்லை. தரத்துக்குரிய புள்ளியை எழுதிய பிறகே நாட்களை எண்ணுகிறேன். பிந்தியது என்று முன்பே தெரிந்தால், நல்ல எழுத்துக்கு மனம் இரங்கி, கழியப்போகும் புள்ளியைக் கூட்டிப்போடத் தோன்றும். அது நேரத்துக்குத் தந்த மாணவிக்கு அநியாயம்.

78 புள்ளி பெறும் கட்டுரை 2 நாள் பிந்தி வருகிறது என்று வையுங்கள். விதி, நாளுக்கு 5 சதவீதம். மொத்தப் புள்ளியான 100இல் கணக்கிட்டால் 10 போய் 68. பெற்ற புள்ளியில் கணக்கிட்டால் 7.8 போய் 70.2. 70இல் 'ஏ மைனஸ்' தொடங்கும் இடத்தில் தரமே மாறிவிடுகிறது. எதில் 5 சதவீதம் என்பதை ஒப்படை கொடுக்கும் நாளிலேயே எழுதிக் கொடுக்கவேண்டும். பல கையேடுகளில் அந்த ஒரு வரிதான் இருப்பதில்லை.

கால நீடிப்பிலும் எண்ணிக்கை பிழைக்கிறது. இறுதித் திகதி 10. முதல்நாளே மருத்துவச் சான்றிதழுடன் கேட்டவருக்கு 13 வரை அவகாசம் கிடைத்தது. அவர் 14இல் தந்தால் பிந்தியது 1 நாள்தான், 4 அல்ல. சான்றிதழ் பிறகு வந்தால், அதிலுள்ள நோய் நாட்களைப் பார்ப்பேன். 12ஆம் திகதி தொடங்கிய காய்ச்சல், 10ஆம் திகதி தவறியதற்குக் காரணமாகாது.