மகள் பெயரில் தொழில் தொடங்கலாமா?

நம் ஊர்க் கடைவீதிகளில் சாமி பெயருக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுவது பிள்ளைகளின் பெயர்தான். மகள் பிறந்த நேரம் தொழில் கூடி வந்தது, அவள் பெயரையே வைத்துவிட்டோம் என்று சொல்லும் குடும்பங்கள் எத்தனையோ. அந்த ஆசையில் தவறு எதுவும் இல்லை. ஆனால் போர்டு எழுதுவதற்கு முன்னால் கேட்டுத் தெளிய வேண்டிய சில கேள்விகள், பத்து வருடம் கழித்து வக்கீல் அலுவலகத்தில்தான் பெரும்பாலும் கேட்கப்படுகின்றன. அவற்றை முன்கூட்டியே பார்த்துவிடலாம்.

புரிவதற்கு எளிதாக ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துக்கொள்வோம். ஈரோடு பக்கம் ஒரு கணவன் மனைவி. வீட்டில் அரைத்த சத்துமாவைத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவந்தவர்கள், இப்போது பாக்கெட் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கப் போகிறார்கள். ஆறு வயது மகள் யாழினி. கவரில் ‘யாழினி சத்துமாவு’ என்று அச்சடிக்க நினைக்கிறார்கள்.

ஜி.எஸ்.டி., உத்யம் இரண்டிலும் ‘யாழினி ஃபுட்ஸ்’ என்று பதிந்தாகிவிட்டது. பெயர் எங்களுடையதுதானே?

இல்லை. அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான். ஜி.எஸ்.டி. எண் வரி கட்டுவதற்கு. உத்யம் சான்றிதழ் சிறுதொழில் என்று காட்டுவதற்கு. உணவுப் பாதுகாப்பு உரிமம் உணவு விற்பதற்கு. இவை எதுவும் அந்தப் பெயரை வேறொருவர் பயன்படுத்தாமல் தடுக்காது. பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிந்தாலும், கம்பெனியின் பெயர் வேறு, பாக்கெட்டில் இருக்கும் பெயர் வேறு. பாக்கெட்டில் இருக்கும் பெயருக்குக் காவல் 1999ஆம் ஆண்டின் டிரேட்மார்க் சட்டம்.

அந்தச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க வேண்டிய படிவம் TM-A. தனிநபருக்கும் உத்யம் சான்றிதழ் உள்ள சிறுதொழிலுக்கும் இணையவழிக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். மற்ற நிறுவனங்களுக்கு 9,000. பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. மாவும் தானியத் தயாரிப்புகளும் 30ஆம் வகுப்பில் வரும். நாளைக்கு இதே பெயரில் ஒரு சிற்றுண்டிக் கடை திறந்தால் அது 43. ஒரு வகுப்பில் பதிந்தது தானாக இன்னொரு வகுப்புக்குப் போகாது.

பெயர் காலியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

டிரேட்மார்க் பதிவகத்தின் ipindia.gov.in தளத்தில் பொதுத் தேடல் வசதி உண்டு, கட்டணம் கிடையாது. நம் பெயர்களுக்கு ஆங்கில எழுத்தில் ஒரே வடிவம் இருப்பதில்லை என்பதால் இதைப் பொறுமையாகச் செய்ய வேண்டும். Yazhini, Yalini, Yaazhini, Yazini என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். தேடும் பக்கத்தில் Phonetic என்று ஒரு பிரிவு இருக்கும். ஒலியில் நெருங்கிய பெயர்களையும் அது காட்டும். பதிவகமும் நீதிமன்றமும் எழுத்தை மட்டும் பார்ப்பதில்லை, கடையில் வாய்விட்டுக் கேட்கும்போது இரண்டு பெயரும் ஒன்றுபோல் ஒலிக்கிறதா என்றும் பார்க்கின்றன.

தேடலில் ஒன்றும் வரவில்லை என்றால் உடனே நிம்மதி அடைந்துவிட வேண்டாம். பதியாமலே பல வருடமாக அந்தப் பெயரில் விற்றுவரும் ஒருவர் பக்கத்து மாவட்டத்தில் இருக்கலாம். முன்பிருந்தே தொடர்ந்து பயன்படுத்தி வருபவரை, பின்னால் பதிந்தவர் தடுக்க முடியாது என்பது சட்டத்தின் 34ஆம் பிரிவு. ஆகவே மளிகை மொத்த வியாபாரிகளிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். சந்தையில் என்னென்ன கவர் ஓடுகிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

சொந்தப் பெயரில் தொழில் செய்ய யாரும் தடை போட முடியாது என்கிறார்களே?

பாதி உண்மை. ஆனால் பெற்றோருக்கு உதவாத பாதி.

சட்டத்தின் 35ஆம் பிரிவு, ஒருவர் தன் சொந்தப் பெயரை நேர்மையாகப் பயன்படுத்துவதில் டிரேட்மார்க் உரிமையாளர் தலையிட முடியாது என்கிறது. 2014இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு இதற்கு நல்ல உதாரணம். ‘ரக்யான்’ என்ற குடும்பப் பெயரை வைத்து நகைக்கடை நடத்திய ஒரு தரப்பு, அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு தரப்பு அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று இடைக்காலத் தடை வாங்கியிருந்தது. அது அவர்களுடைய சொந்தப் பெயர், அதைத் தடுக்க முடியாது என்று கூறி உச்ச நீதிமன்றம் தடையை நீக்கிவிட்டது.

இப்போது யாழினியின் அப்பாவை யோசியுங்கள். ‘யாழினி’ என்பது அவருடைய பெயர் அல்ல, மகளின் பெயர். அந்தப் பிரிவு காப்பது தன் பெயரையும், தனக்கு முன்னால் அந்தத் தொழிலை நடத்தியவர்களின் பெயரையும்தான். தாத்தா நடத்திய கடையைப் பேரன் தொடர்ந்தால் தாத்தாவின் பெயருக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கும். ஆறு வயதுக் குழந்தை யாருக்கும் தொழிலில் முன்னோடி ஆக முடியாது. ஏற்கெனவே ‘யாழினி’ என்று மாவுக்குப் பதிந்திருக்கும் ஒருவர் நோட்டீஸ் அனுப்பினால், “என் மகள் பெயர் சார்” என்ற பதிலுக்கு உணர்வில் எவ்வளவு எடை இருந்தாலும் 35ஆம் பிரிவில் இடம் இல்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. நம் யாழினி முதலில் பதிந்துவிட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். பின்னால் யாழினி என்றே பெயர் கொண்ட வேறொரு பெண் தன் பெயரில் மாவு விற்க வந்தால், அவளுக்கு அந்தப் பிரிவு துணை நிற்கும். அவள் நேர்மையில்லாமல், உங்கள் கவரின் நிறத்தையும் எழுத்தையும் பார்த்துச் செய்தாள் என்று நீங்கள்தான் காட்ட வேண்டியிருக்கும். பலருக்கும் இருக்கும் பெயரின் பலவீனம் இதுதான். பதியலாம், ஆனால் வேலி தாழ்வாகத்தான் இருக்கும்.

அப்படியானால் குழந்தையின் பெயரே கூடாதா?

பெயரை அப்படியே வைக்காமல், அதிலிருந்து ஒரு புதுச் சொல்லைச் செய்துகொள்ளுங்கள் என்பதே என் யோசனை. இதைச் செய்துகாட்டியவர்கள் இருக்கிறார்கள். அகமதாபாத்தில் 1969இல் வீட்டிலேயே சலவைத்தூள் தயாரித்து விற்கத் தொடங்கிய கர்சன்பாய் படேல், மகள் நிருபமாவின் பெயரிலிருந்து எடுத்ததுதான் ‘நிர்மா’. அந்த மகள் பின்னர் விபத்தில் இறந்துபோனார். அப்பாவின் பாசம் முழுவதும் அந்த மூன்று எழுத்தில் இருக்கிறது. அதே சமயம் நிருபமா என்று எத்தனை பேர் இருந்தாலும், நிர்மா என்றால் சலவைத்தூள் ஒன்றுதான்.

நம் பக்கம் சி.கே. ரங்கநாதன் தொடங்கிய ‘சிக்’ ஷாம்பு, அப்பா சின்னிகிருஷ்ணனின் பெயரிலிருந்து வந்தது. திருப்பூரின் ‘ராம்ராஜ்’ வேட்டி, அப்பா ராமசாமியின் பெயரில் பாதியும் நாகராஜன் தன் பெயரில் பாதியும் சேர்த்துச் செய்தது. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்த இணைப்பு முறைக்கு இன்னொரு பயனும் உண்டு. அண்ணன் பெயர் மட்டும் போர்டில் ஏறியதைத் தம்பி வாழ்நாள் முழுக்க மறக்காத குடும்பங்களை எல்லோரும் பார்த்திருப்போம்.

பெயர் மகளுடையது என்றால் தொழிலும் அவளுக்குத்தானே போகும்?

போகாது. டிரேட்மார்க் விண்ணப்பத்தில் உரிமையாளர் என்று யார் பெயர் இருக்கிறதோ, சொத்து அவருடையது. அப்பா தன் பெயரில் பதிந்து, உயில் எழுதாமல் இறந்துபோனால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய மனைவி, மகன், மகள், உயிருடன் இருந்தால் தாய் என எல்லோருக்கும் அந்தக் குறியில் சம பங்கு. ‘யாழினி’ என்ற பெயரில் யாழினிக்கு இருக்கும் அதே உரிமை அவள் தம்பிக்கும் இருக்கும். அவள் தனியாகத் தொழில் தொடங்கித் தன் பெயரையே வைக்கப்போனால், வழக்குப் போடுவது கூடப்பிறந்தவனாகவே இருக்கலாம். அதற்காகக் குழந்தையையே உரிமையாளராகப் போட வேண்டாம். கடன் வாங்கவும் குறியை மாற்றிக்கொடுக்கவும் அது தேவையில்லாத சிக்கல். அப்பா அம்மா பெயரில் பதிந்து, குறி யாருக்கு என்று உயிலில் ஒரு வரி எழுதிவிடுவது எளிது.

தொழிலை விற்க நேர்ந்தால்?

பெயரும் கூடவே போகும். அமெரிக்காவில் சார்லஸ் லூபின் என்ற பேக்கரிக்காரர் தன் சீஸ்கேக்குக்கு மகள் சாரா லீயின் பெயரை வைத்தார். 1956இல் தொழிலை ஒரு பெரிய உணவு நிறுவனத்துக்கு விற்றார். வாங்கிய நிறுவனம் 1985இல் தன் பெயரையே சாரா லீ கார்ப்பரேஷன் என்று மாற்றிக்கொண்டது. குடும்பத்தின் கையை விட்டுப் போன பிறகும் மகளின் பெயர் உலகம் சுற்றியது. விற்பனை ஒப்பந்தம் எழுதும்போது, மகள் பிற்காலத்தில் தன் பெயரை எந்தெந்தத் தொழிலில் பயன்படுத்தலாம் என்று தெளிவாக எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். எழுதாவிட்டால் அவள் தன் பெயருக்கே அனுமதி கேட்கும் நிலை வரலாம்.

பாட்டியின் பெயரும் படமும் போடலாமா?

போடலாம். பாட்டியின் கைப்பக்குவம்தான் சரக்கு என்றால் அது நேர்மையான பெயரும்கூட. உயிருடன் இருப்பவரோடும், கடந்த இருபது ஆண்டுக்குள் இறந்தவரோடும் பொய்யாகத் தொடர்பு காட்டுவதாகத் தோன்றினால், பதிவாளர் அவரிடமோ வாரிசுகளிடமோ எழுத்துச் சம்மதம் கேட்கலாம். சித்தப்பா, அத்தை எல்லோரும் சுமுகமாக இருக்கும்போதே கையெழுத்து வாங்கி வையுங்கள்.

பிள்ளைக்கு இதில் சுமை ஏதும் உண்டா?

உண்டு. அமெரிக்காவில் டேவ் தாமஸ் 1969இல் தொடங்கிய ‘வெண்டீஸ்’ உணவகத்துக்கு எட்டு வயது மகளின் செல்லப்பெயரை வைத்தார், அவள் முகத்தையே சின்னமாகவும் போட்டார். அந்தப் பெயர் அவள் மேல் ஏற்றிய பாரத்துக்காக, பிற்காலத்தில் அப்பா தன்னிடம் வருத்தம் தெரிவித்ததாக அந்த மகளே சொல்லியிருக்கிறார். பாக்கெட்டில் புழு இருந்தது என்று ஒருவர் வீடியோ போட்டால் பள்ளியில் கேலி கேட்பது அப்பா இல்லை, யாழினி. இந்த ஒரு காரணத்துக்காகவே குழந்தையின் புகைப்படத்தைக் கவரில் போட வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஈரோட்டுத் தம்பதிக்கு என் பதில் இது: ‘யாழினி சத்துமாவு’ வேண்டாம். யாழினியின் பெயரையும் தம்பியின் பெயரையும் கலந்து, எந்தக் குழந்தைக்கும் வைக்காத ஒரு சொல்லைச் செய்யுங்கள். எல்லா எழுத்து வடிவத்திலும் தேடுங்கள். கவர் அச்சுக்குப் போவதற்கு முன்பே விண்ணப்பியுங்கள். குறி இதழில் வெளியான பின் நான்கு மாதத்துக்குள் யாரும் ஆட்சேபிக்கலாம், அதைத் தாண்டிப் பதிவானால் பத்து வருடத்துக்கு உரிமை, பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம்.